சிவப்பு முக்கோணம்: ஒரு சின்னமும் அதன் கீழிருந்த வெற்றிடமும்

சென்ற மாதம் எங்கள் துறையில் மாணவர்களுக்காகப் பொதுச் சுகாதாரச் சுவரொட்டிப் போட்டி ஒன்று நடைபெற்றது. அறிவிப்பில் மூன்றே நிபந்தனைகள். ஒரே ஒரு தெளிவான சின்னம் இருக்க வேண்டும். நிறங்கள் கண்ணை உறுத்தாமல் அமைதியாக இருக்க வேண்டும். சிறு செய்தி ஒன்றை எழுத இடம் விட்டிருக்க வேண்டும். அறிவிப்பைப் படித்த முதலாண்டு மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: "இந்த மூன்று விதிகளும் எங்கிருந்து வந்தன? யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?"

நல்ல கேள்வி. இவ்விதிகளை இந்தியா ஒரு முறை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. அதன் எச்சங்கள் இன்றும் வட இந்தியக் கிராமங்களின் துணை சுகாதார நிலையச் சுவர்களில் மங்கிய செந்நிறத்தில் தென்படுகின்றன. தலைகீழாக நிற்கும் ஒரு சமபக்க முக்கோணம் அது. அதன் வரலாற்றை அறிந்தால், மேற்கண்ட மூன்று விதிகளும் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பது புலப்படும். அம்மாணவிக்கு அன்று வாய்மொழியாகச் சொன்னதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

1952இல் இந்தியா தேசிய அளவிலான குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அரசே முன்னின்று நடத்திய இத்தகைய திட்டங்களில் உலகில் இதுவே முதலாவதாகக் கருதப்படுகிறது. முதல் பத்தாண்டுகளில் வேலை மெதுவாகவே நடந்தது. மருத்துவ நிலையங்களைத் திறந்து வைத்தால் தேவைப்படுவோர் தாமாக வருவர் என்பதே அன்றைய எண்ணம். அவ்வாறு யாரும் திரளாக வரவில்லை. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நாட்டின் மக்கள்தொகையை ஏறத்தாழ 44 கோடி என்று காட்டியது. அதே கணக்கெடுப்பின்படி, எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 28 பேர்; பெண்களில் அந்த விகிதம் இன்னும் மிகக் குறைவு. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள், பன்னிரண்டுக்கும் மேற்பட்ட எழுத்து முறைகள், படிக்கத் தெரியாத பெரும்பான்மை. இந்நாட்டில் அச்சடித்த வாசகத்தை மட்டும் நம்பி எதையும் சொல்ல முடியாது என்பது அறுபதுகளின் நடுவில் திட்டத்தை நடத்தியவர்களுக்குத் தெளிவாயிற்று.

1966இல் மத்திய சுகாதார அமைச்சகத்துக்குள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கெனத் தனித் துறை அமைக்கப்பட்டது. அதன் பரப்புரைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் தீப் தியாகி என்று அறியப்பட்ட டி. கே. தியாகி. அவரோடு இணைந்து பணியாற்றியவர் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசகராக இங்கு வந்திருந்த பிராங்க் வைல்டர். இருவரும் சேர்ந்து 1968இல் ‘டெமோகிராபி’ ஆய்விதழில் இந்தியாவின் புதிய பரப்புரை முறை குறித்துக் கட்டுரை எழுதியுள்ளனர். சுவரொட்டி வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம். ஓர் அரசுத் துறை தன் சுவரொட்டிகளை ஏன் இப்படி வரைந்தது என்று தானே விளக்கும் ஆவணங்கள் நமக்கு அரிதாகவே கிடைக்கின்றன.

அவர்கள் எதிர்கொண்ட முதல் சிக்கல் செய்தியின் தெளிவின்மை. அதுவரை வந்த பரப்புரை, சிறு குடும்பமே இன்பமான குடும்பம் என்ற பொருளில் பேசியது. சிறிது என்றால் எவ்வளவு? எட்டுப் பேர் பிறந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு ஐந்து குழந்தைகள் சிறு குடும்பம்தான். அவனும் அந்தச் சுவரொட்டியைப் பார்த்து, நாம் சரியாகத்தான் இருக்கிறோம் என்று தலையாட்டிக்கொண்டு போவான். யாரும் மறுக்க முடியாத செய்தி, யாரையும் எதையும் செய்யத் தூண்டாத செய்தியாகவும் இருந்தது. எனவே எண்ணைச் சொல்வது என்று முடிவாயிற்று. "தோ யா தீன் பச்சே, பஸ்" என்ற இந்தி வாசகம் அப்படித்தான் வந்தது. இரண்டோ மூன்றோ குழந்தைகள், போதும். அதனுடன் மருத்துவரின் அறிவுரையைக் கேளுங்கள் என்ற ஒரு வரி. வாசகத்துக்கு மேலே நான்கு முகங்கள்: தாய், தந்தை, ஒரு மகன், ஒரு மகள். சில கோடுகளில் வரைந்துவிடக்கூடிய, சிரித்த முகங்கள். இவற்றோடு எங்கும் தவறாமல் அந்தச் சிவப்பு முக்கோணம்.

முக்கோணத்தின் பணி வேறு, முகங்களின் பணி வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். முகங்களும் வாசகமும் செய்தியைச் சொல்லின. முக்கோணமோ இடத்தைச் சுட்டியது. இந்தச் சேவை இங்கே கிடைக்கும் என்பது மட்டுமே அதன் பொருள். மருத்துவ நிலையத்தின் கதவு, ஊர்தியின் பக்கவாட்டு, பணியாளரின் பை, துண்டறிக்கை என எல்லாவற்றிலும் அதே குறி. படிக்கத் தெரியாத ஒருவர் சுவரில் கண்ட குறியைப் பக்கத்து ஊரில் ஒரு கட்டடத்தின் மீது மீண்டும் காணும்போது, இரண்டையும் தாமே இணைத்துக்கொள்வார். சின்னத்தின் ஆற்றல் அதன் அழகில் இல்லை, அந்த இணைப்பில்தான் இருக்கிறது. காசநோய்க்கு எதிரான இரட்டைக் குறுக்குச் சிலுவையும் இதே வழியில்தான் வேலை செய்தது. 1902இல் பெர்லினில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் பிரெஞ்சு மருத்துவர் கில்பர்ட் செர்சிரோன் முன்மொழிந்த குறி அது. நோய் எப்படிப் பரவும் என்பதைப் பற்றி அந்தச் சிலுவை எதையும் சொல்வதில்லை. காசநோய்ப் பணி எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் நிற்கிறது, அவ்வளவே.

ஆனால் சிலுவை ஒரு சமயத்தின் குறி. இந்தியாவில் கருத்தடை போன்ற ஒரு பொருளுக்கு அத்தகைய குறி உதவாது. தாமரை, பிறை, விளக்கு, சக்கரம், காளை என்று நம் கண்ணுக்குப் பழகிய உருவங்களில் பெரும்பாலானவை ஒரு சமயத்துக்கோ ஒரு கட்சிக்கோ உரியவை. 1951-52 முதல் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சின்னம் ஒதுக்கிவந்த நாட்டில், புதிதாக ஒரு சின்னம் தேடுவது எளிதன்று. வடிவியல் உருவம் ஒன்றைத் தேர்ந்தது இதனால்தான் பொருந்தியது. யாருக்கும் சொந்தமில்லாத உருவம், அளவுகோலும் கயிறும் இருந்தால் எந்த ஊர்ப் பெயிண்டரும் பிழையின்றி வரைந்துவிடக்கூடிய உருவம். வட்டத்தை வரைந்தால் சூரியன் என்பர். நிமிர்ந்த முக்கோணத்தை வரைந்தால் மலை என்றோ கோபுரம் என்றோ கூடாரம் என்றோ கொள்வர். முனையில் நிற்கும் முக்கோணம் இயற்கையில் எங்கும் காணப்படாத நிலையில் இருப்பதால் கண் சற்றுத் தயங்கி நிற்கிறது. தாந்திரிக மரபில் கீழ்நோக்கிய செம்முக்கோணம் சக்தியைக் குறிக்கும் என்பது இதைப் படிக்கும் சமய ஆய்வாளர்களுக்கு உடனே தோன்றும். எனினும் சுவரொட்டிகள் அந்தப் பொருளைத் தொடவில்லை. முக்கோணத்தை வெறுங்குறியாகவே நடத்தின.

அப்படியானால் நிறம்? அமைதியான நிறங்கள் என்ற விதிக்குச் சிவப்பு எவ்வாறு பொருந்தும் என்று அதே மாணவி கேட்டார். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சிவப்பின் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றன்று. சாலையில் அது தடை. நெற்றியில் அது மங்கலம். திருமணத்தையும் குழந்தையையும் பற்றிய செய்தியில் இந்தியக் கண்ணுக்குச் சிவப்பு அச்சமூட்டும் நிறமாக முதலில் படுவதில்லை. மற்றொன்று, அமைதி என்பது எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு பரப்பு என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு சிவப்பு உருவம் நின்றால் அது கூச்சலிடுவதில்லை. கோவில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்திருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்கும். அதே சிவப்பைச் சுவர் முழுதும் பூசி, அதன் மேல் மஞ்சளில் எழுதினால் அது அபாய அறிவிப்பாகிவிடும்.

நிறம் பற்றி நடைமுறைச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய சுவரொட்டிகளைத் தேடி அலைவோர் இதைக் கட்டாயம் காண்பர். நான்கு மைகளைக் கொண்டு அச்சடித்த சுவரொட்டியில் சிவப்பு என்பது மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்து உருவாவது. வெயிலில் முதலில் வெளுப்பவை இவ்விரண்டு மைகளே. சில மாதங்களில் தாள் முழுவதும் நீலம் பாய்ந்துவிடும். சிவப்பு உருவம் ஏறக்குறைய மறைந்து, கருப்பு எழுத்து மட்டும் மிஞ்சும். எழுத்தறியாதவருக்காக வைத்த சின்னம் மறைந்து, எழுத்தறிந்தவருக்கான வாசகம் பிழைத்திருக்கும். காவிச் சிவப்போ இரும்பு ஆக்சைடு. வெயில் அதை எளிதில் தின்பதில்லை. இத்தகைய நிறத்தால் தீட்டிய முக்கோணம், தாளில் அச்சடித்ததைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக நிற்கும். ஆவணக் காப்பகத்தில் ஒரு சுவரொட்டியைப் பார்த்து, இதற்கு மென்னீலம்தான் மூல நிறம் என்று குறிப்பெடுப்பதற்கு முன், அது எவ்வளவு காலம் வெயிலில் நின்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதியின் நிறம் உண்மையைச் சொல்லும்.

மூன்றாவது விதி செய்திக்கான இடம். முக்கோணமும் முகங்களும் நாடு முழுவதும் ஒன்றே. வாசகம் மட்டும் மொழிக்கு மொழி மாறியது. அதற்காகவே இடம் விடப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் எழுதப்பட்ட வாசகம் மொழி மட்டும் மாறவில்லை, குரலும் மாறியது. "இரண்டோ மூன்றோ குழந்தைகள், போதும், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்" என்பது மேலிருந்து வரும் குரல். சில ஆண்டுகளில் மூன்று உதிர்ந்து இரண்டு மட்டும் நின்றது. "ஹம் தோ, ஹமாரே தோ" என்ற வாசகம் வந்தது. தமிழில் அது "நாம் இருவர், நமக்கு இருவர்" ஆயிற்று. தமிழ் வடிவம் மூலத்தைவிட ஒரு படி நுட்பமானது. இந்தியில் ‘தோ’ என்பது எதையும் எண்ணும் எண். தமிழில் ‘இருவர்’ என்பது மனிதரை மட்டுமே எண்ணும் சொல். குழந்தை என்ற சொல்லே இல்லாமல் குழந்தை அங்கே வந்துவிடுகிறது. மேலும் பேசுவது அரசு அன்று. கணவனும் மனைவியும் தமக்குள் பேசிக்கொள்வதுபோல் வாசகம் அமைந்திருக்கிறது. ‘நாம்’ என்பது கேட்பவரையும் உள்ளடக்கும் தன்மைப் பன்மை. ‘நாங்கள்’ என்றிருந்தால் சுவரொட்டியில் வரைந்த தம்பதி நம்மிடம் பெருமை பேசுவதாகியிருக்கும். பார்ப்பவரைத் தம்பதியின் உரையாடலுக்குள் சேர்த்துக்கொண்டதால்தான் அந்த வாசகம் திட்டத்தின் ஆயுளைத் தாண்டியும் மக்கள் வாயில் நிலைத்தது.

இதே காலத்தில் நடந்த பெயர் சூட்டல் ஒன்றும் இடம் விடுதலின் அருமையை உணர்த்தும். மலிவு விலை ஆணுறையை நாடெங்கும் விற்பதற்கான திட்டத்தைக் கொல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று அறுபதுகளின் முற்பகுதியில் வகுத்தது. அக்குழு முதலில் பரிந்துரைத்த பெயர் ‘காமராஜ்’. காமனுக்கு அரசன் என்ற பொருளில் வைத்திருந்தனர். அன்று காங்கிரஸ் கட்சியின் தலைவர் யார் என்பதை யாரோ நினைவூட்டியதும் அப்பெயர் கைவிடப்பட்டது. பின்னர் வந்த பெயர்தான் ‘நிரோத்’. மூன்று கொண்ட பொட்டலம் 15 காசு. தேயிலையும் சோப்பும் சிகரெட்டும் விற்ற பெரிய நிறுவனங்களின் விநியோக வலையில் அது ஊர்ப் பெட்டிக்கடைகளைச் சென்றடைந்தது. ஒரு பகுதியில் சாதாரணமாக ஒலிக்கும் சொல் மற்றொரு பகுதியில் என்ன பொருள் தரும் என்பதை வரைபலகைக்கு முன் அமர்ந்திருப்பவர் அறிய முடியாது. வெளியே ஒருவரைக் கேட்டாக வேண்டும்.

இதுவரை சொன்னது வெற்றியின் கதை போலத் தோன்றும். சின்னம் என்ற அளவில் அது வெற்றியே. எகிப்து, கானா, காம்பியா, சிம்பாப்வே போன்ற நாடுகளும் அதே முக்கோணத்தைக் கையாண்டன. தியாகி 1969இல் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே காலமானார். பிற்காலத்தில் அமெரிக்கரான பில் ஹார்வி நிறுவிய பன்னாட்டுக் குடும்ப நல அமைப்பு ஒன்று அவருடைய முதலெழுத்துகளையே பெயராகக் கொண்டுள்ளது. ஆயினும் சின்னத்தின் வெற்றியும் திட்டத்தின் வெற்றியும் ஒன்றல்ல. இதற்கு முதற்சான்று கருப்பை வளையத்தின் கதை.

1965இல் ‘லூப்’ என்ற வளையம் பெரும் எதிர்பார்ப்புடன் அறிமுகமாயிற்று. 1966-67இல் ஏறத்தாழ 9 லட்சம் பெண்களுக்கு அது பொருத்தப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்குக் கீழ் இறங்கியது. சுவரொட்டி மங்கியதோ முக்கோணம் மறந்துபோனதோ அதற்குக் காரணமன்று. வளையம் பொருத்திய பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரத்தப்போக்கும் வலியும் ஏற்பட்டன. அவற்றைக் கேட்டு மருத்துவம் செய்யப் பின்தொடர் பராமரிப்பு இருக்கவில்லை. போதிய பெண் மருத்துவர்களும் இல்லை. முன்கூட்டியே எச்சரிக்கப்படாத பெண் தன் உடலில் ஏதோ கெட்டுவிட்டதென்று அஞ்சினாள். அந்த அச்சம் கிணற்றடியில் பேச்சாயிற்று. முக்கோணம் ஒவ்வொருவரையும் கதவு வரை சரியாகவே அழைத்துச் சென்றது. கதவுக்கு உள்ளே இருந்தது குறைபாடு. அதைச் சின்னத்தால் ஈடுசெய்ய முடியவில்லை.

அறியாமைதான் தடை என்ற அடிப்படை எண்ணத்தையும் ஒருவர் கேள்விக்கு உட்படுத்தினார். பஞ்சாபில் ‘கன்னா ஆய்வு’ என்ற பெயரில் ஐம்பதுகளில் தொடங்கி நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வின் களத்தில் மனுப்பூர் என்ற ஊரும் ஒன்று. மஹ்மூத் மம்தானி அவ்வூருக்குச் சென்று மக்களிடம் பேசி, 1972இல் நூலாக வெளியிட்டார். மக்களுக்குக் கருத்தடை தெரியாமலில்லை. வந்த மாத்திரைகளை மறுத்தால் வந்தவர் மனம் வருந்துமே என்று வாங்கிவைத்துக்கொண்டனர், பயன்படுத்தவில்லை. வெற்றுப் பெட்டிகளை அடுக்கிக் கலைப்பொருள் செய்திருந்த ஒருவரையும் அவர் கண்டார். உழைக்கும் கை ஒவ்வொன்றும் வருமானமாக இருக்கும் வீட்டில் மகனைக் குறைத்துக்கொள்வது வறுமையைத் தேடிக்கொள்வது. நான்கு சிரித்த முகங்களைக் கொண்ட படத்தை அந்த வீட்டார் எப்படிப் படித்திருப்பர்? ஐயோ, இரண்டே பிள்ளைகள்தானா என்று இரங்கியிருக்கவும் கூடும். படத்தில் இருப்பதைப் பார்ப்பவர் தம் வாழ்க்கையைக் கொண்டே நிரப்புவார்.

பிறகு அவசரநிலை வந்தது. 1976 ஏப்ரலில் தேசிய மக்கள்தொகைக் கொள்கை அறிவிக்கப்பட்டது. மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இலக்குகள் விதிக்கப்பட்டன. ஆசிரியர் முதல் வருவாய்த்துறை ஊழியர் வரை அறுவைக்கு ஆள் கொண்டுவர வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. 1975-76இல் ஏறத்தாழ 27 லட்சமாக இருந்த கருத்தடை அறுவைகள் 1976-77இல் 82 லட்சத்தைக் கடந்தன. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆண்கள். தில்லியில் குடிசைகள் இடிக்கப்பட்டவர்களுக்கு மாற்று மனை வேண்டுமென்றால், தாம் அறுவை செய்துகொண்டதற்கோ வேறொருவரைச் செய்துகொள்ளத் தூண்டியதற்கோ சான்று காட்ட வேண்டியிருந்தது. அந்த மறுகுடியமர்வுக் கோப்புகளை எம்மா டார்லோ தம் 2003ஆம் ஆண்டு நூலில் ஒவ்வொன்றாக ஆராய்ந்துள்ளார். ஏழை ஒருவர் தன் மனையைக் காப்பாற்ற, தன்னினும் ஏழையான ஒருவருக்குப் பணம் கொடுத்து அறுவைக்கு அனுப்பிய ஒரு சந்தையே அங்கு உருவாகியிருந்தது. அறுவைக்குப் பிந்தைய 1,774 மரணங்கள் குறித்த தகவல்களை ஷா ஆணையம் பதிவு செய்தது. மணமாகாதவர்களுக்கு அறுவை செய்ததாக 548 முறையீடுகளும் அதன் பதிவில் உள்ளன.

இக்காலத்தில் சுவரில் இருந்த முக்கோணம் ஒரு கோடும் மாறவில்லை. நிறமும் மாறவில்லை. முகங்கள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்தக் குறியிட்ட ஊர்தி வருவதைக் கண்டு ஆண்கள் வயலுக்குள் ஓடி ஒளிந்த கதைகள் வட இந்திய ஊர்களில் இன்றும் சொல்லப்படுகின்றன. சுவரையும் கட்டடத்தையும் தாமே இணைத்துக்கொள்ளும் மக்களின் திறனை நம்பித்தானே சின்னம் வகுக்கப்பட்டது? அத்திறன் இப்போதும் தவறாமல் வேலை செய்தது. கட்டடத்துக்குள் நடந்ததைச் சின்னத்தோடு இணைத்துக்கொண்டனர். தெளிவான சின்னத்தின் ஆபத்து இதுவே: அது நன்மையைப் போலவே தீமையையும் தெளிவாக நினைவில் நிறுத்தும். எவரும் கவனிக்காத குழப்பமான சுவரொட்டிக்கு இந்தக் கேடு நேர்ந்திருக்காது.

1977 தேர்தலில் ஆட்சி மாறியது. துறையின் பெயரிலிருந்த ‘கட்டுப்பாடு’ போய் ‘குடும்ப நலம்’ வந்தது. முக்கோணம் தொடர்ந்தது. 1977-78இல் அறுவைகள் பத்து லட்சத்துக்குக் கீழ் வீழ்ந்தன. பின்னர் எண்ணிக்கை மெல்ல மீண்டபோது, அறுவை மேசையில் இருந்தவர்கள் வேறு. ஆண்கள் விலகிவிட்டனர்; பெண்கள் அந்த இடத்துக்கு வந்தனர். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தற்போது மணவாழ்வில் இருக்கும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டோர் நூற்றுக்கு 37.9, கணவர் அறுவை செய்துகொண்டதாகக் கூறியோர் 0.3. ஆண்களுக்கான அறுவை பெண்களுக்கானதைவிட எளியது, பாதுகாப்பானது. அதைச் சொல்லும் சுவரொட்டிகள் அன்றிலிருந்து இன்றுவரை குறைவில்லாமல் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த நினைவு மற்றொரு சுவரொட்டியின் மீதும் விழுந்தது. 1995இல் இந்தியாவில் தேசிய அளவிலான போலியோ சொட்டு மருந்து நாட்கள் தொடங்கின. வடிவமைப்பு என்று பார்த்தால் அதுவும் நம் மூன்று விதிகளைப் பின்பற்றியது: தொலைவிலிருந்தே தெரியும் மஞ்சள் பரப்பு, இரண்டு சொட்டு என்ற ஒரே கருத்து, முகாம் நடக்கும் நாளை எழுத இடம். இருந்தும் 2002இல் நாட்டில் ஏறத்தாழ 1,600 குழந்தைகளுக்குப் போலியோ தாக்கிற்று. அவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தினர். முஸ்லிம் குடும்பங்களின் பங்கு அதிகம். அங்கே சில வட்டாரங்களில் சொட்டு மருந்து மலடாக்கும் என்ற பேச்சு பரவியிருந்தது. இதை வெறும் வதந்தி என்று ஒதுக்கினால் வரலாற்றை ஒதுக்கியவர்களாவோம். அரசு ஊழியர் வீடு தேடி வந்து, கேட்காத மருந்தை இலவசமாக, மீண்டும் மீண்டும் தந்தால் அதன் நோக்கம் என்ன என்று அப்பகுதி மக்கள் ஐயுறுவதற்கு 1976 என்ற ஆண்டு ஒரு காரணமாக இருந்தது. வேறு நோய்க்குக் கைவிடப்பட்ட சுகாதார நிலையம் இந்த ஒரு மருந்துக்கு மட்டும் இவ்வளவு அக்கறை காட்டுவதும் ஐயத்தை வளர்த்தது.

அதற்கு விடையாக அமைந்தது புதிய சுவரொட்டி அன்று. யுனிசெப் துணையுடன் உள்ளூர்ப் பெண்களே சமூகத் திரட்டுநர்களாக நியமிக்கப்பட்டு வீடு வீடாகச் சென்றனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற நிறுவனங்களும் மதத் தலைவர்களும் பேசினர். மறுத்த வீட்டில் என்ன காரணம் என்று கேட்டு எழுதிக்கொண்டனர். 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்குக் கண்டறியப்பட்டதே இயல்பான போலியோ நச்சுயிரியால் நாட்டில் நேர்ந்த கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச் 27இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. மஞ்சள் பதாகை முதலாண்டிலிருந்து கடைசியாண்டு வரை பெரிதாக மாறவில்லை. அதனருகே நின்று பேசியவர் மாறினார்.

மாணவியின் கேள்விக்குத் திரும்புகிறேன். விதிகள் சோதிக்கப்பட்டவைதாம்; செல்லுபடியாகுபவைதாம். முடிவில் அவரிடம் மூன்று விஷயங்களை மட்டும் செய்து பார்க்கச் சொன்னேன். முதலாவது, வரைந்ததைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், உணவகத்தில் பணிபுரிபவரோ காவலரோ யாராயினும், காட்டி, "நன்றாக இருக்கிறதா" என்று கேட்காமல் "இது என்ன சொல்கிறது" என்று மட்டும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மரியாதைதான் பதிலாக வரும்; இரண்டாவதற்குத்தான் உண்மை வரும். இரண்டாவது, வாசகத்தை மறைத்துவிட்டுச் சின்னத்தையும், சின்னத்தை மறைத்துவிட்டு வாசகத்தையும் தனித்தனியே காட்ட வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது தவறான பொருள் தந்தால் அதைத் திருத்த வேண்டும். மூன்றாவது, விட்டுவைத்த அந்த வெற்றிடத்தில் அறிவுரை எழுதுவதற்கு முன், எங்கே செல்ல வேண்டும், எப்போது திறந்திருக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்பனவற்றை எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அவர் இரண்டு நாள் கழித்து வந்தார். இரத்தசோகை பற்றிய சுவரொட்டி அவருடையது. ஒற்றைத் துளியைச் சின்னமாக வைத்திருந்தார், வெளிர்பச்சைப் பின்புலம், கீழே நல்ல அகலமான இடம். முதலிரண்டு சோதனைகளும் முடிந்துவிட்டன என்றார். மூன்றாவதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, இரும்புச்சத்து மாத்திரை எந்த நாளில் கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார். இருப்பு இல்லை, எப்போது வரும் என்று தெரியாது என்று பதில் கிடைத்ததாம். "அப்படியானால் இந்த இடத்தில் நான் என்ன எழுதுவது?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. போட்டிக்கு அவர் அந்தச் சுவரொட்டியைக் கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்கும்படியே கொடுத்தார். நடுவர்கள் அதை முடிக்கப்படாத படைப்பு என்று கருதினர். அறுபதாண்டுக் கால முக்கோணத்தின் வரலாற்றைப் படித்துவிட்டுப் பார்க்கும் எனக்கு, அந்த அறையில் தொங்கிய படைப்புகளுள் அது ஒன்றே நேர்மையாக முடிக்கப்பட்டதாகத் தோன்றுகிறது.